அட்டையும் ரசீதும் இருந்தால் அசல் பையா?

கேள்வி: பழைய லூயி விட்டான் பை ஒன்று வாங்கப் போகிறேன். அசல் சான்று அட்டையும் 2012 பாரிஸ் ரசீதும் தருகிறார்கள். நம்பலாமா?

அந்த அட்டைதான் முதல் சந்தேகம். லூயி விட்டான் தன் பைகளுக்கு அப்படியொரு சான்று அட்டை தருவதே இல்லை. அதனால் அது எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் போலிதான்.

அப்புறம் ரசீதில் மதிப்புக் கூட்டு வரி விகிதத்தைப் பாருங்கள். பிரான்சில் இந்த வரி 2013 கடைசி வரை 19.6 சதவீதம், 2014 ஜனவரியில்தான் 20 ஆனது. உங்கள் 2012 ரசீதில் 20 என்றிருந்தால், அது பிற்பாடு தயாரித்த தாள்.

19.6 என்றே இருந்தாலும் சரி, பொருள் குறியீடு இந்தப் பையின் மாடல், அளவு, நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அசல் ரசீதை நகலெடுத்துப் பல போலிகளோடு விற்கிறார்கள். ஆகவே பையை நேரில் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.