இரண்டு டேபிள், நாற்பது பிள்ளைகள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் 40 பேர். பள்ளியில் இருப்பதோ இரண்டே டேபிள் டென்னிஸ் டேபிள்கள். 40 நிமிட பீரியடில் எட்டுப் பேர் ஆடுகிறார்கள், மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?
– உடற்கல்வி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: எட்டெட்டுப் பேராக ஐந்து குழுக்கள் பிரித்து, ஐந்து இடங்களில் நிறுத்துங்கள். ஓரிடத்தில் ஐந்து நிமிடம். விசில் ஊதியதும் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த இடம். தொடக்கத்தில் விளக்கவும் கடைசியில் எடுத்துவைக்கவும் ஐந்தைந்து நிமிடம் மிஞ்சும். பேட்டும் பந்தும் அங்கங்கேயே இருக்கட்டும், பிள்ளைகள் மட்டும் நகரட்டும். பேட்டைக் கையோடு கொண்டுபோக விட்டால் இரண்டே சுற்றில் ஓரிடத்தில் குவிந்து, இன்னோரிடத்தில் ஒன்றும் இருக்காது.

முதல் இடத்தில் எட்டுப் பேரும் பந்தை பேட்டில் மேலே தட்டிப் பழகட்டும். பிடியைத் திருத்த வேண்டியது இங்கேதான். கை குலுக்குவதுபோல் பிடித்து, ஆள்காட்டி விரலை பேட்டின் பின்பக்கக் கீழ் ஓரத்தில் படுக்கவைக்க வேண்டும். கிரிக்கெட் பழகிய கை எல்லா விரல்களையும் கைப்பிடியில் சுற்றிவிடும். பேட் தளர்ந்து ஆடும், பந்து பக்கவாட்டில் ஓடும். அதைப் பார்த்தே பிடி தவறென்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது இடம் சுவர். இருவருக்கு ஒரு பேட். ஒருவர் அடிக்க, மற்றவர் பந்து பொறுக்குவார். சிமென்ட் தரையாக இருக்க வேண்டும், மண்ணில் பந்து எழும்பாது. மூன்றாவது இடத்தில் இரண்டு வகுப்பு மேசைகளை முட்டவைத்து, அவை சேரும் கோட்டின்மேல் நோட்டுகளை நிறுத்தினால் வலை தயார். மேசை இடுக்கும் வலைக்கு அடியில் மறைந்துவிடும். இல்லாவிட்டால் இடுக்கில் பட்ட பந்து கோணலாகப் பாயும். இப்படி இரண்டு ஜோடி மேசைகள் போட்டால் நால்வர் ஆடலாம்.

இனி டேபிள்கள். முதல் பீரியடிலேயே இங்கே பேட் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டு குழுக்கள் பேட்டையே தொட்டுப் பார்க்காமல் நேராக டேபிளுக்கு வந்திருக்கும். ஆகவே முதல் நாள் ஒரு டேபிளில் கையால் எறியட்டும்: பந்து தன் பக்கம் ஒருமுறை, வலை தாண்டி எதிர்ப்பக்கம் ஒருமுறை பட வேண்டும், எதிரில் நிற்பவர் பிடிக்க வேண்டும். சர்வீஸின் பாதை இதுவே. மற்றொரு டேபிளில் ஒருவர் பந்து போட, எதிராளி உள்ளங்கையால் தட்டித் திருப்பட்டும். இரண்டு ஜோடிகளும் நேருக்கு நேர் நிற்கட்டும். குறுக்காக ஆடினால் பந்துகள் மோதும். பின்னால் நிற்கும் நால்வர் பந்து பொறுக்கி, பத்துப் பந்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள்.

அடுத்த பீரியடில் டேபிளுக்கு இரண்டு பேட் கொடுங்கள். மொத்தம் 20 பேட் போதும். சர்வீஸில் பந்தை விரித்த உள்ளங்கையிலிருந்து குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எழுப்பி அடிக்க வேண்டும்.

நேரத்தைத் தின்பது பந்தைத் துரத்துவதுதான். இடங்களுக்கு நடுவே பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்துத் தடுப்பு வையுங்கள். ஒவ்வோரிடத்திலும் ஒரு மக்கில் இரண்டு உதிரிப் பந்துகள் இருக்கட்டும். அடுத்த குழுவுக்குள் ஓடிய பந்தை அவர்களே உருட்டி அனுப்பட்டும். உள்ளே ஓடினால் மிதிபட்டு நசுங்கும். பந்தின் எடை 2.7 கிராம்தான், காற்று எளிதில் இழுத்துவிடும்; மைதானம் வேண்டாம், வராண்டாவோ கூடமோ பாருங்கள்.

டேபிளைச் சுற்றி ஓடி ஆளுக்கொரு அடி அடிக்கும் ஆட்டத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலான ஜோடிகள் பந்து விழாமல் பத்து முறை தட்டும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன் ஆடவிட்டால் இரண்டாவது அடியிலேயே பந்து விழும், வரிசை மறுபடி நின்றுவிடும்.