மகள் வெட்கப்படாத நன்றிக் கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். மகள் ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எல்கேஜி சேர்ந்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். ஒன்பதாவதுக்குப் பணம் கட்ட வேண்டும். கணவர் முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறார். டிசி வாங்கப் போனேன். தாளாளர் விசாரித்துவிட்டு, ஒன்பது, பத்து இரண்டுக்கும் கல்விக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நன்றிக் கடிதம் எழுதினேன். மகள் படித்துவிட்டு, "இதைக் கொடுக்காதேம்மா" என்று அழுகிறாள். கடிதத்தை இணைத்திருக்கிறேன். எதை மாற்றுவது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மகள் சொல்வது சரி. மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் ஆபரேஷன், கடன், அடகு வைத்த நகை. இதெல்லாம் தாளாளருக்கு ஏற்கெனவே தெரியும், விசாரித்துத்தானே முடிவெடுத்தார்? ஆனால் கடிதம் அவர் மேசையோடு நிற்காது. அலுவலக ஃபைலுக்குப் போகும். கிளார்க் படிப்பார், இரண்டு டீச்சர்கள் படிப்பார்கள். அந்த வராண்டாவில்தான் உங்கள் மகள் இன்னும் இரண்டு வருடம் நடக்க வேண்டும். கஷ்டத்தை விவரிப்பது சலுகை கேட்கும் மனுவின் வேலை. அந்த வேலை முடிந்துவிட்டது.

அடுத்து, "எல்கேஜியிலிருந்து என் பிள்ளைக்குப் போட்ட கல்விப் பிச்சை" என்ற வரி. அதை அடித்துவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது அது. அந்தச் செலவைப் பள்ளிக்கு ஈடுசெய்ய வேண்டியது அரசு. உங்கள் மகள் எட்டாவது வரை படித்தது அவளுடைய உரிமையில். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள இரண்டு வருடம்தான் பள்ளி தானாகத் தந்தது, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல். நன்றி அதற்குத்தான். இரண்டையும் கலந்தால் அவர் உண்மையில் செய்த நல்ல காரியம் மங்கிப்போகும்.

"என் மகள் மாநிலத்திலேயே முதலிடம் எடுத்து உங்கள் கடனைத் தீர்ப்பாள்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். 2017 முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முதலிடப் பட்டியலே வெளியிடுவதில்லை. அது இருக்கட்டும், பதினான்கு வயதுப் பெண் கணக்குப் பரீட்சை எழுதும்போது அம்மா கொடுத்த வாக்கு வேறு தலையில் உட்காரக் கூடாது.

நான் இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, வணக்கம். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளுக்கு இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கல்விக் கட்டணம் வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். டிசி கேட்டு வந்த என்னை உட்கார வைத்து, அவள் எந்தப் பாடத்தில் ஆர்வமாக இருக்கிறாள் என்று முதலில் கேட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. அவள் அதே வகுப்பில், அதே தோழிகளோடு படிக்கிறாள். புத்தகம், வேன் கட்டணங்களை வழக்கம்போல் நாங்கள் செலுத்துகிறோம். உங்களுக்கும் பள்ளிக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி."

உட்கார வைத்துக் கேட்டதை உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலிருந்துதான் எடுத்தேன். ஒரே வரியில், கடைசியில் ஒதுங்கிக் கிடந்தது. அந்த மனிதரைப் பற்றி நீங்கள் எழுதியதில் அதுதான் உயிருள்ள வரி.

எந்தக் கட்டணம், எந்த வகுப்புகள் என்று பெயர் சொல்லி எழுதியதற்குக் காரணம் உண்டு. வாய்ச்சொல்லாகக் கிடைத்த சலுகை அலுவலகக் கணக்கில் ஏறாமலே போகலாம். அப்புறம் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் "பாக்கி" என்று வகுப்பில் சீட்டு வரும், அதை வாங்குவது பிள்ளை. இப்படி எழுதிக் கொடுத்தால், நீங்கள் புரிந்துகொண்டதில் பிழை இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுவார்கள். தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பு பற்றி இதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்; அது தனி மனுவாக, அதன் நேரத்தில் போகட்டும்.

கடிதத்தை மகள் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே போய்க் கொடுங்கள். ஆண்டு விழாவிலோ பள்ளி மலரிலோ இதைச் சொல்லலாமா என்று கேட்டால், "பேரும் போட்டோவும் வேண்டாம் சார்" என்று நேரில் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் நன்றி குறைந்துவிடாது.

தாளாளரிடம் முதலில் பேசியது வகுப்பாசிரியை என்று எழுதியிருந்தீர்கள். அவர் பெயரைக் கடிதத்தில் சேர்க்கும் முன் அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது நிர்வாகத்தில் சங்கடமாகும். வேண்டாம் என்றால், அவருக்குத் தனியாக நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அதில் மகளும் ஒரு வரி எழுதட்டும், அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.