வெளிநாட்டுப் பணம் வெளியேறினால் பங்கும் ராண்டும் ஏன் சேர்ந்து விழுகின்றன?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் பங்குகளை விற்றால் இந்நாட்டு நாணயமான ராண்டும் ஏன் கூடவே இறங்குகிறது?

விற்பவர் ஒருவர்தான், ஆனால் அவர் இரண்டு சந்தைகளில் விற்கிறார். நியூயார்க் முதலீட்டாளர் ஜோகன்னஸ்பர்க்கில் வங்கிப் பங்கை விற்றால் கைக்கு வருவது ராண்ட். ஊருக்குக் கொண்டுபோக அதையும் விற்று டாலர் வாங்குவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பங்கு 180 ராண்ட், டாலர் 18 ராண்ட் என்றால் அவர் கையில் இருப்பது 10 டாலர். பங்கு 162க்கு இறங்கி, டாலரும் 20 ராண்ட் ஆகிவிட்டால் மிஞ்சுவது 8.10 டாலர். உங்களுக்கு நட்டம் 10 சதவீதம், அவருக்கு 19. அதனால் ராண்ட் சரியத் தொடங்கியதுமே மற்றவர்களும் முந்திக்கொண்டு விற்கிறார்கள். அது இரண்டையும் இன்னும் கீழே தள்ளுகிறது. பணம் உள்ளே வரும்போது இதெல்லாம் அப்படியே தலைகீழ்.

2015 டிசம்பர் 9 அன்று அதிபர் ஜூமா நிதியமைச்சர் நெனேயை நீக்கியபோது இதுதான் நடந்தது. ஓரிரு நாளில் டாலர் 15 ராண்டைத் தாண்டியது, வங்கிப் பங்குகள் பலமாக அடிவாங்கின.

ஆனால் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையின் மொத்தக் குறியீட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சுவிஸ் ஆடம்பரப் பொருள் நிறுவனமான ரிஷ்மோன் போன்றவற்றின் வருமானம் பெரும்பாலும் வெளிநாட்டில் வருவது. ராண்ட் விழுந்தால் அவற்றின் ராண்ட் விலை ஏறவும் செய்யும். வங்கிகளையும் உள்ளூர்க் கடைத்தொடர்களையும் தனியாகப் பாருங்கள், வெளியேற்றம் அங்கேதான் தெரியும்.