வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கும் முன் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் உளவியல் முதலுதவிப் பயிற்சி: என்ன வைக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. 30 ஆசிரியர்களுக்கு ஒரு நாள் உளவியல் முதலுதவிப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் மனநலத் துறைக்காரர் இல்லை. பயிற்சியை எந்த வரிசையில் அமைப்பது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

பதில்: நீங்கள் மனநலத் துறைக்காரர் இல்லை என்பது இதில் தடை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் மற்ற இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட கையேடே இதை, கலங்கி நிற்பவருக்கு உடனே கொடுக்கும் எளிய ஆதரவு, துறை சாராதவர்களும் செய்யக்கூடிய உதவி என்றுதான் சொல்கிறது. பார், காது கொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணை என்ற மூன்று செயல்களில் அந்தக் கையேடு நிற்கிறது. இந்த மூன்றில் ஆசிரியர்கள் தடுமாறுவது நடுவில் இருக்கும் 'கேள்' பகுதியில். ஏனென்றால் பேசுவதும் விளக்குவதும் திருத்துவதும்தான் அவர்கள் தொழில். வாயை மூடிக்கொண்டு ஒரு குழந்தை அழுவதைப் பார்த்திருப்பது அவர்களுக்குப் பழக்கமே இல்லாத வேலை. அதனால் 6 மணி நேரம் கையில் இருந்தால் அதில் குறைந்தது 2 மணி நேரம் இதை நடித்துப் பழகுவதற்கே போக வேண்டும். மூளையில் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று படம் போட்டு விளக்கும் வேலையைத் தைரியமாக விட்டுவிடுங்கள், மறுநாள் அது யாருக்கும் நினைவிருக்காது.

முதல் 45 நிமிடம் ஆசிரியர்களுக்கானது. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும், சிலர் இன்னும் உறவினர் வீட்டிலோ முகாமிலோ தங்கியிருக்கலாம். ஆனால் இந்த இடத்தில் 'ஒவ்வொருவரும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்' என்று வட்டமாக உட்கார வைத்துவிடாதீர்கள். நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்ல வைக்கும் முறைக்கு டீப்ரீஃபிங் என்று பெயர். ஒரு காலத்தில் பரவலாகச் செய்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பின்னால் வரும் மனப் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போனது என்று தெரிந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக இரண்டே கேள்விகள் போதும். இந்த வாரம் உங்களுக்கு நடைமுறையில் என்ன தேவை? வகுப்பில் எந்தச் சூழ்நிலை வந்தால் உங்களால் சமாளிக்க முடியாது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒருவர், 'யாராவது குழந்தை அப்பாவைப் பற்றிப் பேசினால் நான் உடைந்துவிடுவேன்' என்று சொல்லக்கூடும். அவரைத் தனியாக வகுப்பில் விடாமல் இன்னொருவரோடு ஜோடி சேர்த்து விடுங்கள். வீட்டில் யாரையாவது இழந்தவரை 'நீங்கள்தான் தைரியமாக இருக்க வேண்டும்' என்று தள்ள வேண்டாம், அவர் சில நாள் வகுப்பு எடுக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

அடுத்த 45 நிமிடம் 'பார்'. வயதுக்கு வயது குழந்தைகள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது. ஐந்து ஆறு வயதுக் குழந்தை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழிக்கும், விரல் சப்பும், அம்மாவின் சேலையை விடாது. கொஞ்சம் பெரியவர்களுக்கு வயிற்றுவலி, தலைவலி, கவனம் நிற்காமை, அப்புறம் 'என்னால்தான் இப்படி ஆச்சு' என்ற குற்ற உணர்ச்சி. பதின்பருவத்தில் எரிச்சல், ஒதுங்கல், ஆபத்தான விளையாட்டு. சிறுவர்கள் வெள்ள விளையாட்டு விளையாடுவதைப் பார்த்து ஆசிரியர்கள் பதறுவார்கள். பொம்மையைத் தண்ணீரில் விட்டு, அப்புறம் படகு கொண்டு போய்க் காப்பாற்றி விளையாடினால் கவலை வேண்டாம், குழந்தை அதைத் தன் வழியில் சமாளிக்கிறது. அதே காட்சி மாறாமல், மீட்பே இல்லாமல், ஒவ்வொரு முறையும் அழுகையில் முடிந்தால்தான் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதெல்லாம் சில வாரங்களில் தானாகத் தணியும். ஆகவே பள்ளி திறந்த முதல் வாரத்தில் யாருக்கும் நோயின் பெயரை ஒட்ட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இனி 'கேள்'. இதை மூவர் மூவராகப் பிரித்துச் செய்யுங்கள்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் குழந்தை, ஒருவர் கவனிப்பவர். ஒரு சுற்று 7 நிமிடம் நடிப்பு, 5 நிமிடம் பேச்சு, பிறகு இடம் மாற்றம். ஒரு முக்கியமான விதி உண்டு. நடிக்க வேண்டிய சூழ்நிலையை நீங்கள் எழுதிக் கொடுக்கும் அட்டையில் வெள்ளம் வரக் கூடாது, நிலநடுக்கமோ தீ விபத்தோ வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காயத்தைத் தொடாமல் சொற்களைப் பழக வேண்டும். கவனிப்பவர் மூன்றை மட்டும் எண்ணட்டும்: எத்தனை முறை 'ஏன்' என்று கேட்டார், எத்தனை முறை வாக்குறுதி கொடுத்தார், குழந்தை நிறுத்தியதும் அதிகபட்சம் எத்தனை நொடி பொறுத்தார்.

ஓர் அட்டையை முழுதாகப் பார்க்கலாம். நான்காம் வகுப்புப் பையன். நிலநடுக்கத்தில் வீடு விரிசல் விட்டது, குடும்பம் வெளியே ஓடியது, பின்பக்கம் கட்டிப்போட்டிருந்த நாய் சுவர் விழுந்து இறந்துவிட்டது. மூன்று நாளாக இடைவேளையில் விளையாடாமல் கேட் பக்கத்திலேயே நிற்கிறான். முதல் சுற்றில் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

'ஏன் இங்கயே நிக்குற? விளையாடப் போ.' பையன் பேச மாட்டான். 'நாய் போச்சுன்னு கவலையா? விடு, அப்பாகிட்டச் சொல்லி வேற நாய் வாங்கிக்கலாம். நீ தைரியமான பையன்ல?'

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பையனுக்குக் கிடைத்த செய்தி, இங்கே இதைப் பேசக் கூடாது என்பது. இரண்டாவது சுற்றில் ஆசிரியர் அவன் உயரத்துக்குக் குனிந்தோ பக்கத்தில் உட்கார்ந்தோ தொடங்கட்டும். நேருக்கு நேர் நிற்பதைவிடப் பக்கவாட்டில் இருப்பது குழந்தைக்குச் சுலபம்.

'மூணு நாளா இங்க நிக்குறதைப் பாக்குறேன். கொஞ்ச நேரம் நானும் கூட இருக்கட்டுமா?'

தலையாட்டல். அப்புறம் மௌனம். இந்த இடத்தில் பலர் ஐந்து நொடிகூடத் தாங்க மாட்டார்கள், கேள்வியைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அதனால் 20 நொடியாவது பொறுக்கச் சொல்லுங்கள். கடிகாரம் வைத்தே பழகலாம்.

'நான் அவுத்து விட்டிருந்தா ஓடியிருக்கும் டீச்சர்.'

'அதையே நினைச்சுக்கிட்டு இருக்கியா.'

'ம்.'

'கஷ்டமாத்தான் இருக்கும். அன்னிக்கு உடனே வெளிய ஓடுன்னு வீட்டுல சொன்னாங்க, நீ ஓடுன. யோசிக்க நேரமே இல்ல. வேணும்னு விட்டுட்டு வரல.'

இந்தக் கடைசி பதிலைப் பாருங்கள். 'உன் மேல தப்பே இல்ல' என்று ஒரே வரியில் துடைத்திருந்தால் பையன் நம்பியிருக்க மாட்டான், ஏனென்றால் நாய் கட்டியிருந்தது உண்மை. ஆசிரியர் உண்மையை மறுக்கவில்லை, நேரம் இல்லை என்ற இன்னொரு உண்மையை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கேட்க வேண்டியது நடந்ததைப் பற்றி அல்ல, இப்போதைய தேவையைப் பற்றி: 'கேட் பக்கத்துல நின்னா எதாவது நல்லா இருக்கா?' பையன், 'மறுபடி நிலம் ஆடுனா உடனே ஓடலாம்' என்கிறான். அதாவது நாய்த் துக்கத்துக்குள் பயமும் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் கதவுக்கு அருகே இடம் மாற்றிக் கொடுப்பது, நிலம் ஆடினால் எந்த வழியாக வந்து எங்கே கூடுவது என்று ஒருமுறை நடந்து காட்டுவது ஆகிய இரண்டும் பத்து நிமிட வேலை. பேசியே தீர்க்க முயன்றிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

குழந்தை நடுங்கினாலோ மூச்சு வாங்கினாலோ செய்ய வேண்டியதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காரச் சொல்லி, கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு காதில் விழும் மூன்று சத்தம், அதன்பின் மெதுவாக வெளிமூச்சு. கண்ணை மூடச் சொல்ல வேண்டாம், மூடினால் சிலருக்கு அந்தக் காட்சிதான் வரும். கேட்காமல் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். வெள்ளம் பார்த்த வகுப்பில் மழை பெய்ய ஆரம்பித்தாலே நாலைந்து பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள், அப்போது பாடத்தை நிறுத்தி, தண்ணீர் நிலவரம் என்ன, பெரியவர்கள் யார் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுத் தொடரலாம். 'இனிமேல் வெள்ளமே வராது' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

மிச்சம் 'இணை', ஒரு மணி நேரம். இதற்கு வீட்டுப்பாடம் உங்களுடையது. பயிற்சிக்கு முன்பே ஒரு பக்கத் தாள் தயாராக இருக்க வேண்டும்: அருகில் உள்ள மனநல மருத்துவர் அல்லது கவுன்சிலர், குழந்தைப் பாதுகாப்பு அலுவலர், நிவாரணப் பொருள் கிடைக்கும் இடம், பள்ளியில் இதற்குப் பொறுப்பானவர் யார். எண்களை நீங்களே அழைத்து யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். பேரிடர் முடிந்த கையோடு ஒட்டப்படும் பட்டியல்களில் சில எண்கள் வேலை செய்யாமல் இருக்கலாம்.

அதே தாளில் அன்றே சொல்ல வேண்டியவற்றைத் தனியாக எழுதுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாடும் தூக்கமும் அடியோடு நின்றுபோவது, சுற்றி நடப்பது புரியாமல் இருப்பது, பெற்றோர் இல்லாமல் வந்து நிற்கும் குழந்தை, முகாமில் யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்ற புகார். இதற்கெல்லாம் காத்திருப்பு கிடையாது. அதனால்தான் எந்தக் குழந்தையிடமும் 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யக் கூடாது. 'உன்னைப் பத்திரமா பாத்துக்கறதுக்காகச் சொல்ல வேண்டி வந்தா, யார்கிட்டச் சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்' என்ற வாக்கியத்தை எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் குறையாமல் இருந்தால், அல்லது கூடிக்கொண்டே போனால், பெற்றோரிடம் பேசி மனநல மருத்துவரிடமோ கவுன்சிலரிடமோ அனுப்பிவைக்க வேண்டும்.

மீதி நேரத்தில் பள்ளி திறக்கும் முதல் நாளைத் திட்டமிடுங்கள். வழக்கமான மணி, வழக்கமான இடைவேளை, எளிய பாடம், யாராவது இறந்திருந்தால் அந்தப் பெயரைத் தவிர்க்காமல் ஒரே வாக்கியத்தில் தெளிவாகச் சொல்வது. 'வெள்ளத்தில் நடந்ததை வரைந்து வா' என்று வகுப்பு முழுவதற்கும் வேலை கொடுப்பது வேண்டாம். வண்ணமும் தாளும் வைத்துவிட்டு விருப்பமானதை வரையச் சொன்னால் வேண்டியவர்கள் வெள்ளத்தை வரைவார்கள். அப்புறம், கலைவதற்கு முன் நான்காவது வாரத்தில் 2 மணி நேரச் சந்திப்புக்கு இப்போதே தேதி குறித்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் வகுப்பில் இன்னும் தணியாத குழந்தைகளின் விவரத்தோடு வர வேண்டும், பெயர்களைப் பொறுப்பாளரிடம் மட்டும் சொன்னால் போதும்.