கூர்னோ கேள்வி-பதில்: கம்பெனி கூட கூட விலை எங்க போய் நிக்கும்?

இந்த தடவை பாதிக்கு மேல கூர்னோ மாடல் கேள்வி தான், அதாவது ஒரே சரக்கை விக்கற கம்பெனிங்க ஒவ்வொண்ணும் எவ்வளவு விக்கறதுன்னு முடிவு பண்ற மாடல். எல்லாத்துக்கும் ஒரே கணக்கை வச்சுக்கலாம்: டிமாண்ட் P = 100 − Q, P விலை, Q எல்லாரும் சேர்ந்து விக்கற மொத்த அளவு, q ஒரு கம்பெனியோட அளவு, n கம்பெனி எண்ணிக்கை, எல்லா கம்பெனிக்கும் மார்ஜினல் காஸ்ட் 10 ரூபா, எல்லாரும் ஒரே நேரத்துல அளவை முடிவு பண்றாங்க.

கம்பெனி நிறைய வந்தா விலை 10-ஐ தொட்டுடுமா?

தொடாது, நெருங்கும். விலை 10 + 90/(n+1). ஒரே கம்பெனின்னா 55, ரெண்டுன்னா 40, எட்டுன்னா 20, எண்பத்தொம்பது இருந்தா 11. ஏன் இறங்குதுன்னா, ஒரு யூனிட் கூட வித்தா விலை ஒரு ரூபா விழும், ஆனா அந்த நஷ்டத்தை ஒவ்வொருத்தனும் தன் சரக்குக்கு மட்டும் தான் கணக்கு பாப்பான், அடுத்தவன் சரக்குக்கும் விலை விழுதேன்னு கவலைப்பட மாட்டான். தனியா இருக்கறவன் 45 யூனிட் விக்கறான், அடி மொத்தமும் அவனுக்கே. 89 பேர்ல ஒருத்தன் விக்கறது ஒரே யூனிட், அவனுக்கு என்ன பயம்?

நான் போட்டா n எவ்வளவு வச்சாலும் விலை 55-லயே நிக்குது. ஃபார்முலா தப்பா சார்?

ஃபார்முலா தப்பில்ல, நீங்க போட்ட ஆர்டர் தப்பு. இதை எத்தனை தடவை எழுதறது! டிஃபரென்ஷியேட் பண்றதுக்கு முன்னாடியே "எல்லாரும் ஒண்ணு தானே"ன்னு Q = nq போட்டிருக்கீங்க. அப்போ ப்ராஃபிட் (100 − nq)q − 10q ஆகும், டெரிவேட்டிவை ஜீரோ ஆக்குனா 90 = 2nq, அதாவது nq = 45. n எதுவா இருந்தாலும் மொத்தம் 45 தான், விலை 55 தான். நீங்க போட்டது n கம்பெனி கூட்டு சேர்ந்து மோனோபோலி மாதிரி நடக்கற கணக்கு, கார்ட்டெல். ஏன்னா "நான் ஒரு யூனிட் கூட்டுனா எல்லாரும் கூட்டுவாங்க"ன்னு உங்க கம்பெனி நம்பிட்டு இருக்கு, கூர்னோல அந்த நம்பிக்கைக்கே இடமில்ல, மத்தவங்க அளவு அப்படியே இருக்கும்னு வச்சு தான் ஒவ்வொருத்தனும் முடிவு பண்றான்.

சரியான வழி இது: முதல்ல ஒரு கம்பெனியோட qᵢ-ஐ மட்டும் தொடுங்க, மத்தவங்களோடதை நம்பர் மாதிரி விட்டுடுங்க. டெரிவேட்டிவ் எடுத்தா 100 − Q − qᵢ = 10, அதாவது விலைக்கும் காஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளி = தன் சொந்த அளவு. இதுக்கு *அப்புறம்* எல்லா qᵢ-யும் சமம்னு போடுங்க, 90 = (n+1)q வரும். விடையில n+1 வராம வெறும் n வந்தா, சிமெட்ரியை முன்னாடியே போட்டீங்கன்னு புரிஞ்சுக்கோங்க. நிறைய நோட்ஸ்ல இந்த ஸ்டெப்பை ஒரே வரியில தாண்டிடறாங்க, அங்க தான் பசங்க விழறாங்க.

மூணு கம்பெனி இருக்கு, விலை என்ன?

டிமாண்ட் எங்க, காஸ்ட் எங்க? என் கணக்குல 32.50. உங்களோடது உங்களுக்கு தான் தெரியும்.

ஃபிக்ஸட் காஸ்ட் இருந்தாலும் விலை 10 கிட்ட போகுமா?

நல்ல கேள்வி. மேல சொன்ன மாதிரி இடைவெளி = q, அதனால ஒரு கம்பெனிக்கு ஃபிக்ஸட் காஸ்ட்டுக்கு முன்னாடி கிடைக்கற ப்ராஃபிட் q × q. ஃபிக்ஸட் காஸ்ட் 100 ரூபான்னா q 10-க்கு கீழ போனா கட்டுப்படியாகாது. 10 வர்றது எட்டு கம்பெனியில. ஒம்போதாவது ஆள் உள்ள வந்தா எல்லாருக்கும் 9 யூனிட், 81 ரூபா, எல்லாருக்கும் நஷ்டம். அதனால அவன் வர மாட்டான், விலை 20-லயே நின்னுடும். ஃபிக்ஸட் காஸ்ட் 9 ரூபாவா குறைஞ்சா 29 கம்பெனி தாங்கும், விலை 13. n-ஐ சும்மா பெருசாக்கிட்டே போறது பேப்பர்ல தான், மார்க்கெட்ல அதை ஃபிக்ஸட் காஸ்ட் தான் முடிவு பண்ணும்.

எக்செல்ல அஞ்சு கம்பெனி போட்டு மாத்தி மாத்தி ஓட்டுனேன், நம்பர் நெகட்டிவ் ஆகுது. அப்போ ஈக்விலிப்ரியமே இல்லையா?

இருக்கு, ஆளுக்கு 15. நீங்க ஒவ்வொரு ரவுண்டும் அஞ்சு பேரையும் ஒண்ணா போன ரவுண்டுக்கு பதில் சொல்ல வச்சிருக்கீங்க. ஆளுக்கு 16-ல ஆரம்பிச்சா 13, 19, 7, 31, அடுத்து −17. பிசகு ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பாகி எதிர்ப்பக்கம் தாவும், ஏன்னா பெருக்கம் −(n−1)/2. ரெண்டு கம்பெனின்னா அடங்கும், மூணுன்னா ஊசலாடிட்டே இருக்கும், நாலுல இருந்து எகிறும். ஒரு நேரத்துல ஒருத்தனை மட்டும் மாத்துங்க, 15-க்கு வந்து உக்காரும். கூர்னோ ஈக்விலிப்ரியம்ங்கறது யாரும் தனியா மாறி லாபம் பாக்க முடியாத இடம், அங்க போற வழி வேற கேள்வி. (அங்கயும் சிமெட்ரியை கடைசில தான் போடணும், சொல்லிட்டேன்.)

ரெண்டு கம்பெனி இருந்தாலே விலை 10 ஆகிடும்னு எங்க சார் சொன்னார்?

அது பெர்ட்ரான் மாடல், 1883. அங்க விலையை முடிவு பண்றாங்க. கூர்னோ 1838, இங்க அளவு. எதுன்னு உங்க சார் சொல்லியிருப்பார், நீங்க தான் எழுதிக்கல.