சீட்டு எழுதி, சுவரோரம் நில்

"டியூஷனில் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஊர்ப் பிரச்சினைகள் பற்றி யோசித்துப் பேசவைக்க என்ன விளையாட்டு நடத்தலாம்? விவாதம் வைத்தால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள்."

உங்களுக்கும் என்னைப் போல வாரத்தில் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்குக் கைகொடுத்தது ஒரே விளையாட்டு. அதுவும் சொதப்பிய பிறகுதான்.

சுவரின் ஒரு மூலை 0, மறு மூலை 10. பலகையில் ஒரு கருத்தை எழுதுவேன். முழுக்க ஏற்பவர் 10-இல், மறுப்பவர் 0-இல், மற்றவர்கள் நடுவில் நிற்பார்கள். ஒவ்வொருவராக ஒரு நிமிடம் காரணம் சொல்ல வேண்டும். மனம் மாறினால் நகரலாம், ஆனால் எந்தக் காரணம் நகர்த்தியது என்று சொல்ல வேண்டும்.

முதல் தலைப்பு, "நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும்". 14 பேரில் 11 பேர் 10 பக்கம் போய்விட்டார்கள். முதல் மதிப்பெண் வாங்கும் பையன் போன பக்கம் மற்றவர்களும் போனார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகே நடக்கச் சொன்னேன். அப்போதும் 4 என்று எழுதிய சிலர் 9-க்குப் பக்கத்தில் நின்றார்கள். சீட்டைக் காட்டித் திருப்பி அனுப்பினேன்.

தலைப்பும் தப்பு. ஆளுக்கொரு கடையை மனதில் வைத்துப் பேசினால் வாதம் எங்கே முட்டும்? "பள்ளி விடும் ஒரு மணி நேரம் மட்டும் வாசலில் கடை போடக் கூடாது" என்று குறுக்கினேன். வாயே திறக்காத பெண் ஒருத்தி 3-இல் நின்றபடி, "அந்த ஒரு மணி நேரத்தில்தானே அவருக்கு வியாபாரமே" என்றாள்.

எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் பதில் பேசலாம் என்று ஒரு விதி வைத்திருந்தேன். 9-இல் நின்ற பையன், "கடைக்காரர் பாவம்னு சொல்ற" என்றான். "பாவம்னு சொல்லலை. தடை ஒரு மணி நேரம், நஷ்டம் ஒரு நாளுக்குனு சொன்னேன்." மூன்றாவது முயற்சியில்தான் அவளிடம் "ஆமாம்" வாங்கினான். வாங்கியவன் 6-க்கு நகர்ந்து, "அப்போ வாசலைவிட்டு இருபதடி தள்ளிப் போடலாமா?" என்று கேட்டான்.

இது விவாதமே இல்லை, நேரம்போக்கு என்று யாராவது வருவீர்கள். மேடைப் பேச்சுக்கு நான் எதிரியில்லை. அதை மனப்பாடம் செய்துவிடலாம், இதை முடியாது.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. 5-இல் பேசாமல் நின்ற பையனின் அப்பாவே நடைபாதையில்தான் கடை வைத்திருந்தார். இப்போதெல்லாம் தலைப்புகளை முந்தின வாரமே கொடுத்து, வேண்டாததைப் பெயர் எழுதாத சீட்டில் குறிக்கச் சொல்கிறேன்.

அப்புறம், பிள்ளைகள் சுவரோரம் நிற்கும் படம்தான் எங்கள் சென்டரின் விளம்பரப் பலகையில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் எனக்குச் சம்பளம் கிடையாது, "பாடம் நடத்தலையே சார்" என்கிறார் முதலாளி.