கால் சென்டர் ரெசுமேயை அனலிஸ்ட் வேலைக்குப் பொருத்துவது எப்படி?

கேள்வி: சென்னையில் அமெரிக்க க்ளையன்ட் ஒருவரின் வாய்ஸ் ப்ராசஸில் மூன்று வருடமாக ப்ராசஸ் எக்ஸிக்யூடிவாக இருக்கிறேன். ஒரு வருடமாக எங்கள் 22 பேர் டீமுக்கு தினசரி ரிப்போர்ட் நான்தான் போடுகிறேன். வாரம் 25 கால் ஆடிட்டும் செய்கிறேன். குவாலிட்டி ஸ்கோர் 94, சி-சாட் 88. ஆனாலும் ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட் வேலைகளுக்கு அப்ளை செய்தால் ஒரு அழைப்புகூட வருவதில்லை. ரெசுமேயில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: 94-ஐயும் 88-ஐயும் கீழே இறக்குங்கள். முதல் வரியிலேயே அவை இருந்தால், படிப்பவர் "நல்ல ஏஜென்ட்" என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த ரெசுமேக்குப் போய்விடுவார். உங்களை வேறு யாரோ அளந்து சொன்ன எண்கள் அவை. நீங்கள் கையாண்ட எண்கள் ரிப்போர்ட்டிலும் ஆடிட்டிலும் இருக்கின்றன. பெரும்பாலான கால் சென்டர் ரெசுமேக்களில் அந்த இரண்டும் கடைசி வரியில் "ரிப்போர்ட் தயாரிப்பு, கால் ஆடிட்" என்று நாலைந்து சொல்லில் முடிந்துபோகும். அனலிஸ்ட் வேலைக்கு அவைதான் மேலே வர வேண்டும், விரிந்தும் வர வேண்டும். (மாதிரி வரிகளைத் தமிழில் தருகிறோம். ரெசுமேயில் அவற்றை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள்.)

முதலில் வேலை விளம்பரத்தை அச்செடுத்து, அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட் விளம்பரம் என்றால் பெரும்பாலும் இவை இருக்கும்: தினசரி, வார ரிப்போர்ட் அனுப்புதல், டேட்டாவைச் சரிபார்த்தல், குறைகளின் மூல காரணத்தைக் கண்டுபிடித்தல், கண்டதைப் பிற டீம்களுக்கு விளக்குதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, போன மாதம் நீங்கள் அதை எந்த நாளில், எந்த ஃபைலில் செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்ததை விளம்பரத்தில் இருக்கும் அதே சொல்லில் ரெசுமேயில் போடுங்கள். உங்கள் ஃப்ளோரில் "டம்ப் எடுத்து க்ளீன் பண்றது" என்று சொல்வதைத்தான் விளம்பரம் "டேட்டா வேலிடேஷன்" என்கிறது. எதிரே எழுத எதுவும் இல்லையென்றால், அதை ரெசுமேயில் சேர்க்காதீர்கள்.

அடுத்து ரிப்போர்ட். "தினசரி ரிப்போர்ட் அனுப்பினேன்" என்று மட்டும் எழுதினால், யாரோ செய்து கொடுத்த ஃபைலை மெயிலில் தள்ளியதாகத்தான் தெரியும். டம்ப் கைக்கு வந்ததிலிருந்து ரிப்போர்ட் போகும்வரை அதில் எதைத் திருத்துகிறீர்கள் என்று யோசியுங்கள். ட்ரான்ஸ்ஃபர் ஆன கால் பல சிஸ்டங்களில் இரண்டு வரியாக விழும். ஒன்றைக் கழிக்காவிட்டால் கால் எண்ணிக்கை ஊதிவிடும். ரோஸ்டர் மாறிய வாரத்தில் சிலரின் லாகின் ஐடி பழைய டீம் லீடர் பெயரிலேயே நிற்கும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. க்ளையன்டின் சிஸ்டம் அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரத்தில் ஓடுகிறது என்றால், இந்திய நேரம் அங்கே கோடையில் 9.30 மணி நேரமும் குளிர்காலத்தில் 10.30 மணி நேரமும் முன்னால் இருக்கும். ஃபார்முலாவில் 9.30 என்று நிலையாகப் போட்டு வைத்திருந்தால், நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த மறுநாளே மணிவாரி எண்ணிக்கை ஒரு மணி நேரம் தள்ளி விழும். நள்ளிரவை ஒட்டிய கால்கள் தேதியே மாறிப் போகும். இதை நீங்கள் கவனித்துத் திருத்தியிருந்தால், டேட்டா வேலிடேஷனுக்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

ரெசுமேயைத் திருத்துமுன் உங்கள் ரிப்போர்ட்டிலேயே ஒன்றைச் சரிபாருங்கள். டீமின் ஏ.ஹெச்.டி.யை, அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரத்தை, எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? பேசிய நேரம், ஹோல்டு, கால் முடிந்து நோட்ஸ் போடும் நேரம் மூன்றையும் கூட்டி கால் எண்ணிக்கையால் வகுப்பதுதான் ஏ.ஹெச்.டி. ஏஜென்ட்வாரியாக அதை எடுத்துவிட்டு, கீழே ஒரு `AVERAGE` போட்டு "டீம் ஏ.ஹெச்.டி." என்று அனுப்பும் ரிப்போர்ட்கள் ஏராளம். ஒருவர் 10 கால் எடுத்து, ஏ.ஹெச்.டி. 900 விநாடி. இன்னொருவர் 90 கால் எடுத்து 300 விநாடி. `AVERAGE` போட்டால் 600 வரும். உண்மையில் மொத்தம் 36,000 விநாடி, 100 கால். அப்படியானால் டீம் ஏ.ஹெச்.டி. 360. இண்டர்வியூவில் இந்தக் கணக்கை அப்படியே கேட்பவர்கள் உண்டு. B பத்தியில் கால் எண்ணிக்கையும் C பத்தியில் ஏ.ஹெச்.டி.யும் இருந்தால், 22 பேருக்கும் சேர்த்து சரியான எண்ணை இது தரும்:

```
=SUMPRODUCT(B2:B23,C2:C23)/SUM(B2:B23)
```

இவ்வளவையும் மனதில் வைத்து எழுதினால் வரி இப்படி வரும்: "22 ஏஜென்ட்களின் தினசரி கால் டம்ப்பில் இரட்டைப் பதிவு, ஐடி, நேர வித்தியாசம் ஆகியவற்றைச் சரிசெய்து, ஏ.ஹெச்.டி., ரிபீட் கால், சி-சாட் ரிப்போர்ட்டை எக்செல் பிவட்டில் தயாரித்து, ஷிஃப்ட் முடியுமுன் ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு அனுப்புதல், 12 மாதங்களாக." நீளமான வரிதான். ஆனால் எந்த டேட்டா, எவ்வளவு, எந்தக் கருவி, யாருக்கு என்று நான்கு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. நீங்கள் செய்யாததை மட்டும் அதிலிருந்து வெட்டிவிடுங்கள்.

ஆடிட்டுக்கு வருவோம். இதைத்தான் பலரும் வீணடிக்கிறார்கள். "வாரம் 25 கால் ஆடிட் செய்தேன்" என்பது உழைப்பைச் சொல்கிறதே தவிர, ஆடிட்டில் என்ன தெரிந்தது என்று சொல்வதில்லை. உங்கள் ஆடிட் ஷீட்டை எடுங்கள். எட்டு வாரம் என்றால் 200 கால். ஒவ்வொரு காலுக்கும் மொத்த ஸ்கோரை விட்டுவிட்டு, எந்த அளவுகோலில் மார்க் போனது என்று எண்ணுங்கள். வாழ்த்து, அடையாளச் சரிபார்ப்பு, ஹோல்டு கேட்கும் முறை, தீர்வு, டிஸ்போசிஷன் என்று உங்கள் ஃபார்மில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு `COUNTIF` போதும். உதாரணத்துக்கு, 200 கால்களில் மொத்தம் 58 பிழை. அதில் 31 டிஸ்போசிஷன் தப்பு என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. அடுத்து அந்த 31 காலையும் திறந்து பார்த்தால், அதில் பெரும்பகுதி "பில்லிங் கேள்வி", "பில்லிங் புகார்" என்ற இரண்டு தேர்வுகளுக்கு நடுவே நடந்த குழப்பம் என்று தெரிகிறது. டீம் லீடரிடம் சொல்கிறீர்கள். எதை எப்போது தேர்வது என்று ஒரு பக்கக் குறிப்பு போகிறது. அடுத்த எட்டு வாரத்து 200 கால்களில் டிஸ்போசிஷன் தப்பு 14.

விளம்பரம் "ரூட் காஸ் அனாலிசிஸ்" என்று கேட்பது இதைத்தான். ரெசுமேயில்: "200 கால் ஆடிட்டைப் பிரித்துப் பார்த்து, பிழைகளில் பாதிக்கு மேல் டிஸ்போசிஷன் குழப்பத்தால் வந்தவை என்று கண்டறிந்தேன், டீம் லீடர் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புக்குப் பின் அந்தப் பிழை 15.5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது." குறிப்பை வெளியிட்டது டீம் லீடர் என்பதை விழுங்கிவிடாதீர்கள். "நான் குறைத்தேன்" என்று எழுதினால், "எந்த அதிகாரத்தில்?" என்ற கேள்வி வரும். பதில் தடுமாறினால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள்.

இதே வரியில் இன்னும் இரண்டு கேள்விகளை எதிர்பாருங்கள். கால்களை யார், எப்படிப் பொறுக்கினார்கள்? கஸ்டமர் மோசமான ரேட்டிங் கொடுத்த கால்களாகப் பார்த்து ஆடிட்டுக்குக் கொடுப்பது பல டீம்களில் வழக்கம். அப்படியானால் உங்கள் 15.5 சதவீதம் மொத்த கால்களின் பிழை விகிதம் ஆகாது. ஆடிட் ஆனவற்றுக்குள் மட்டும்தான் அது செல்லும், அதை நீங்களே முந்திச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஒரு வாரத்து 25 காலை வைத்து "குறைந்தது" என்று சொல்லாதீர்கள். அதில் இரண்டு கால் கூடிக் குறைந்தாலே 8 சதவீதம் ஆடும். எட்டு வாரத்தைச் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

உங்கள் சொந்த ஸ்கோர்கள் வேலை அனுபவத்தின் கடைசியில் ஒரே வரியில் இருக்கட்டும். சி-சாட் 88-ஐ எழுதினால் எத்தனை சர்வே பதிலில் என்றும் சேர்த்து எழுதுங்கள். 25 பேர் பதில் அனுப்பி 22 பேர் திருப்தி என்றாலும் 88தான். டைப்பிங் வேகம், ஒரு நாளைக்கு எத்தனை கால் எடுத்தீர்கள், "நல்ல கம்யூனிகேஷன்" எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இந்த வேலைக்கு அவற்றைக் கேட்டு யாரும் தேடுவதில்லை.

பதவிப் பெயரை மட்டும் தொடாதீர்கள். "ப்ராசஸ் எக்ஸிக்யூடிவ்" என்பதை "ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட்" என்று மாற்றிப் போட்டால், ஆஃபர் வந்தபின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரோடு ஒப்பிடும்போது மாட்டும். பதவிப் பெயருக்குக் கீழேயே "கூடுதல் பொறுப்பு: டீம் ரிப்போர்ட்டிங், குவாலிட்டி ஆடிட்" என்று ஒரு வரி போடுங்கள். முடிந்தால் அந்தப் பொறுப்பை மேனேஜர் ஒப்புக்கொள்ளும் மெயில் ஒன்று கம்பெனி மெயிலில் இருக்கும்படி இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

க்ளையன்டின் பெயர் வேண்டாம். "அமெரிக்க டெலிகாம் க்ளையன்ட்" என்பதுபோல் துறையைச் சொன்னால் போதும். மாதிரி காட்ட வேண்டுமே என்று டம்ப்பை ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். கஸ்டமர் டேட்டா வெளியே போனால் வேலை போகும், அதோடு நிற்காமலும் போகலாம். `RANDBETWEEN` வைத்து 500 வரிக்கு ஒரு பொய் டம்ப் செய்து, அதில் உங்கள் ரிப்போர்ட்டைக் கட்டிக் காட்டுங்கள்.

விளம்பரம் எஸ்.க்யூ.எல். கேட்டால், அந்தப் பொய் டம்ப்பையே டேபிளாக ஏற்றி, பிவட்டில் செய்வதை க்வெரியில் செய்து பாருங்கள்:

```sql
SELECT agent_id,
       COUNT(*) AS calls,
       SUM(talk + hold + acw) * 1.0 / COUNT(*) AS aht
FROM calls
GROUP BY agent_id;
```

இதன் முடிவு உங்கள் பிவட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணம் பெரும்பாலும் இரட்டைப் பதிவாகவோ காலி செல்லாகவோ இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. ரெசுமேயின் திறன் பகுதியில் "வேலையில் பயன்படுத்தியது: எக்செல்", "பயிற்சியில்: எஸ்.க்யூ.எல்." என்று பிரித்தே போடுங்கள்.

எந்த விளம்பரங்களுக்குப் போடுவது என்பதிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூடிவ், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட், குவாலிட்டி அனலிஸ்ட், எக்செல்லை முதன்மையாகக் கேட்கும் ஆபரேஷன்ஸ் அனலிஸ்ட் எல்லாம் இந்த ரெசுமேக்குப் பொருந்தும். இரண்டு வருடம் பைத்தான் அனுபவம் கேட்கும் டேட்டா அனலிஸ்ட் விளம்பரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெளியே தேடுவதோடு உங்கள் கம்பெனியின் ஐ.ஜே.பி. பட்டியலையும் பாருங்கள். அங்கே நீங்கள் போடும் ரிப்போர்ட்டை தினமும் திறந்து பார்க்கும் மேனேஜரே இண்டர்வியூவில் உட்காரக்கூடும். ஏ.ஹெச்.டி. ஃபார்முலாவை அதற்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள்.